அப்பா போன தேதியும் எட்டாம் எண்ணும்

"நான் பிறந்தது 26-ஆம் தேதி. இரண்டு மாதத்துக்கு முன் அப்பா 17-ஆம் தேதி காலமானார். எங்கள் வீட்டு எண் 44. மருத்துவமனையில் அப்பா படுத்திருந்த கட்டிலின் எண் 35. எதைக் கூட்டினாலும் 8. இப்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தால் 8:08, முன்னால் போகும் காரில் 8. பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று எண் கணிதம் பார்ப்பவர் சொல்கிறார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மனம் ஏன் விட மறுக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்." – குன்னூரிலிருந்து ஒருவர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை முடித்து, மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தேன். நீங்கள் அப்பாவை இழந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கணக்கை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமே இல்லாத பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவதும், அந்த எண்ணை 9-ஆல் வகுத்து மீதியைப் பார்ப்பதும் ஒன்றுதான். 17, 26, 35, 44 ஆகிய நான்கையும் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 8 வரும். மீதி இல்லாமல் வகுபட்டால் அது 9. ஆகவே உலகத்தில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் ஒன்பது பெட்டிகளில் போட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். ஒன்பதில் ஒன்று எட்டாம் பெட்டிக்குள் விழும். ஒரு மனிதருக்குச் சொந்தமான எண்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். வீட்டில் ஒவ்வொருவரின் பிறந்த தேதி, திருமணத் தேதி, இறந்த தேதி, கதவு எண், கைபேசி எண், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, வண்டி, காஸ் இணைப்பு என்று முப்பது எண்ணாவது சுலபமாகத் தேறும். முப்பதில் நான்கோ அதற்கு மேலோ எட்டாம் பெட்டியில் விழுவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 43 வருகிறது. உங்களைப் போல எண்ணிப் பார்க்கும் நூறு பேரில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இதே கேள்வியைக் கேட்கலாம் என்று பொருள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதில் வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பது பெட்டிகளில் மூன்று மூன்றாகப் போட்டால் 27 எண்கள் அடங்கும். இருபத்தெட்டாவது எண் எந்தப் பெட்டியில் விழுந்தாலும் அங்கே நான்காகிவிடும். எனவே யாராக இருந்தாலும், தன் வாழ்க்கையின் 28 எண்களை எழுதினால், ஏதாவது ஓர் எண் நான்கு முறையாவது வந்தே தீரும். உங்களுக்கு 8. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு 5 ஆகவோ 2 ஆகவோ இருக்கும். அவர் தேடவில்லை, அதனால் அவருக்குத் தெரியவில்லை.

உங்கள் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். முதல் நான்கும் கூட்டி வந்தவை. கடிகாரத்தில் 8:08 மட்டும் கூட்டாமல், பார்த்தவுடன் 8 என்று எடுத்துக்கொண்டது. முதல் நான்குக்கும் வைத்த விதியையே இங்கும் வைத்தால் 8:08 கூட்டி 16, அதாவது 7. காரில் பார்த்த 8 கூட்டுத்தொகையா, எண்ணில் இருந்த ஓர் இலக்கமா என்று நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் வசிக்கும் குன்னூரின் அஞ்சல் குறியீடு 643101. கூட்டினால் 15, அதாவது 6. உங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும் அந்த எண் உங்கள் பட்டியலில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லா மனித மனமும் இப்படித்தான் குறித்துக்கொள்கிறது. பொருந்தியது நிகழ்ச்சியாகப் பதிகிறது. பொருந்தாதது நிகழ்ச்சியே ஆவதில்லை.

இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு பெரியவரிடம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவிலேயே வீடு. நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சான்றிதழில் பிறந்த தேதி மே 8. முழங்கால் வலி, மகனுக்கு வேலை கிடைக்காதது, பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கியது, எல்லாவற்றுக்கும் எட்டைத்தான் சொல்வார். "மேட்டுப்பாளையம் போய் வந்தால் வழியில் வரும் வண்டி பாதிக்கு மேல் எட்டுதான், டீச்சர்" என்றார் ஒரு நாள். ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதிரே வரும் வண்டிகளின் எண்ணை மட்டும் எழுதுங்கள், கூட்டவே கூடாது, வீட்டுக்கு வந்து சேர்ந்து கூட்டுவோம் என்றேன். மனிதர் சிரத்தையாக எழுதிக்கொண்டு வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது எழுதிய எண்கள் கோணல்மாணலாக இருந்தன. மொத்தம் 90 வண்டிகள். நான்கு இலக்கங்களையும் கூட்டியதில் எட்டாம் பெட்டியில் விழுந்தவை 11. ஒன்பதில் ஒன்று என்றால் 10 வர வேண்டும்.

அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. "முன்னால் இருக்கும் 43-ஐ விட்டுவிட்டீர்களே" என்றார். நீலகிரி வண்டிகளுக்கு தமிழ்நாடு 43 என்ற பதிவு. 4-உம் 3-உம் 7. ஆகவே நான்கு இலக்கங்களின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்கும் வண்டியும், 43-ஐச் சேர்த்தால் எட்டாகிவிடும். அங்கேயே வலை இரட்டிப்பாகிவிட்டது, ஒன்பதில் இரண்டு. "எண்ணுக்குள்ளேயே 8 இருந்தால் அதுவும் கணக்குத்தானே?" என்றார் அடுத்து. நான்கு இலக்கங்களில் எங்காவது ஓர் 8 இருப்பது மூன்றில் ஒரு பங்கு வண்டிகளில் நடக்கும். இந்த மூன்று வழிகளையும் சேர்த்தால், நூற்றில் 49 வண்டிகள் எட்டோடு சம்பந்தப்பட்டவை ஆகிவிடுகின்றன. அண்ணா பொய் சொல்லவில்லை. பாதி வண்டி எட்டு என்று அவர் கண்டது உண்மைதான். விதி மூன்றாக விரிந்தது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கை: வண்டி எண்கள் முழுக்கத் தற்செயலாக அமைவதில்லை. கூட்டுத்தொகை 8 வரும் எண்ணை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களும், 9 வரும் எண்ணைக் கேட்டு வாங்குகிறவர்களும் நம் ஊரில் நிறைய. அதனால் என் கணக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

இனி கவனத்துக்கு வருகிறேன். ஒன்றை மனம் முக்கியம் என்று குறித்துக்கொண்டுவிட்டால், அதன்பிறகு அது எங்கும் தென்படும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்குத் தெருவெல்லாம் கர்ப்பிணிகளாகத் தெரிவதைப் போல. இதற்கு அடிக்கடி வருவது போன்ற மாயை என்ற பொருளில் 2005-இல் ஒரு பெயர் வைத்தவர் ஆர்னால்டு ஸ்விக்கி என்ற அமெரிக்க மொழியியலாளர். கவனம் தேடிப் பொறுக்குகிறது, பொறுக்கியதை மனம் சான்றாக வைத்துக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்தால் அந்தப் பொருள் திடீரென்று பெருகிவிட்டது என்ற உணர்வு வருகிறது. உங்கள் மனத்தில் எட்டின் மேல் விழுந்த அடையாளம் சாதாரணமானதல்ல. அது அப்பாவின் கட்டில். மருத்துவமனையில் இருந்த நாட்களில் 35 என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? செவிலியரிடம், மருந்துக் கடையில், பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம். அந்த எண்ணில் அந்த நாட்களின் பயம் முழுவதும் ஏறியிருக்கிறது. அது கடிகாரத்தில் எட்டிப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிறந்த தேதிக்கு வேறொரு பிடிப்பும் உண்டு. ஷினோபு கிட்டாயாமா, மயூமி கராசாவா என்ற இரண்டு ஜப்பானிய உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் எண்களைக் கொடுத்து ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். தங்கள் பிறந்த நாளின், மாதத்தின் எண்களுக்கு மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விருப்பம் காட்டினார்கள், காரணம் தெரியாமலே. தன் பெயரின் எழுத்துகளிலும் இதே சாய்வு உண்டு. பிறந்த தேதி நமக்கு வெறும் எண்ணாக இருப்பதில்லை, நாமாகவே இருக்கிறது. இது பல இடங்களில் பார்க்கப்பட்டது, இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அந்த விருப்பம் நம் தொழிலையும் திருமணத்தையும் தீர்மானிக்கிறது என்று சிலர் நீட்டிச் சொன்னதற்குப் பலமான மறுப்புகள் வந்திருக்கின்றன. அதை நான் ஏற்கவில்லை. நமக்கோ இன்னொரு சிக்கல். பிடித்த எண்ணே பயமுறுத்தும் எண்ணாகவும் இருக்கிறது. எண் கணிதத்தில் எட்டு சனிக்குரியது. அஷ்டமத்துச் சனி, அஷ்டமி என்ற பேச்சுகளோடு வளர்ந்த காதுக்கு எட்டு என்றாலே ஒரு கனம். சீனாவில் இதே எட்டு செல்வத்தின் எண். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கை எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கினார்கள்.

அண்ணாவின் மே 8-க்குத் திரும்புகிறேன். எங்கள் மலையில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் பிறந்த தேதி பெரும்பாலும் பள்ளியில் பிறந்தது. எஸ்டேட் லயத்திலோ படுகர் ஊரான ஹட்டியிலோ வீட்டுப் பிரசவம், பதிவு கிடையாது. பையனைப் பள்ளியில் சேர்க்கும் அன்று, ஜூனில் ஐந்து வயது நிறைந்திருக்கும்படி தலைமை ஆசிரியர் ஒரு தேதியை எழுதிவிடுவார். மாற்றுச் சான்றிதழ் எழுதுவதற்காகப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டியவள் நான். பழுத்துப்போன தாளில், பிறந்த தேதி என்ற கட்டத்தில் மே, ஜூன், மே, ஜூன் என்று வரிசையாக இறங்கும். ஒரே பக்கத்தில் ஏழு பிள்ளைகளுக்கு ஜூன் 1 என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அண்ணாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். நான் நேரிலேயே கேட்டேன். "கார்த்திகை தீபத்துக்கு மண்விளக்கு ஏற்றி வைத்துவிட்டு வந்துதான் படுத்தேன், விடிவதற்குள் இவன் பிறந்துவிட்டான்" என்றார். கார்த்திகை என்றால் நவம்பர் அல்லது டிசம்பர். மேயோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்படியென்றால் அந்த வாத்தியார் கையால் எட்டை எழுத வைத்தது யார், டீச்சர்?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. இந்தக் கேள்வியைக் கணக்கால் அடைக்க முடியாது. எந்தத் தேதியைக் கொடுத்தாலும், அந்தத் தேதியைக் கொடுக்க வைத்தது எது என்று கேட்கலாம். பொய் என்று காட்ட வழியே இல்லாதபடி அமைந்த நம்பிக்கை என்று மட்டும் என்னால் சொல்ல முடிகிறது. ஆனால் அந்தக் கேள்வியில் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எட்டு போய்விட்டால் அண்ணாவுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தது என் தவறு. அறுபது ஆண்டுக் கஷ்டங்களுக்கு எட்டு ஒரு காரணத்தைக் கொடுத்திருந்தது. நான் அதைப் பிடுங்கினேன், பதிலுக்கு எதையும் வைக்கவில்லை.

உங்கள் மனம் விட மறுப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கி எழுதியது நினைவுக்கு வருகிறது. பாதுகாப்பான உள்கழியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. திறந்த கடலுக்குப் போகிறவர்கள் நீண்ட சடங்கு செய்துவிட்டுத்தான் போவார்கள். கைமீறிய இடத்தில்தான் மனிதர் ஒழுங்கைத் தேடுகிறார். கட்டுப்பாட்டை இழந்த உணர்வு கொடுக்கப்பட்டவர்கள் வெறும் புள்ளிகளிலும் உருவங்களைக் காண்கிறார்கள் என்று 2008-இல் ஒரு புகழ்பெற்ற சோதனை வந்தது. பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே விடை கிடைக்கவில்லை. ஆகவே அந்தச் சோதனையின் மேல் நான் சாய்ந்து நிற்க மாட்டேன். ஆனால் 2009 நவம்பர் நிலச்சரிவுகளுக்குப் பிறகு எங்கள் பகுதியில் தேதியையும் கிழமையையும் பற்றி நடந்த பேச்சைக் கேட்டவள் என்ற முறையில், மலினோவ்ஸ்கி சொன்னது எனக்கு அந்நியமாகப் படவில்லை. அப்பா ஏன் அன்றைக்குப் போனார், வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. 17 கூட்டினால் 8 என்பது விடை போலத் தோன்றுகிறது. யார் மேலும் தப்பு இல்லை, நம் மேலும் இல்லை என்று அது சொல்கிறது. அந்த ஆறுதலை நான் கேலி செய்ய மாட்டேன்.

பெயர் மாற்றத்தைப் பற்றி ஒரு கணக்கு. எண் கணிதத்தில் பெரிதும் புழங்கும் முறை ஆங்கில எழுத்துகளுக்குக் கொடுத்த மதிப்புகளை வைத்தது. எச் என்ற எழுத்துக்கு மதிப்பு 5. சாந்தி என்ற பெயரை எடுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு எச் போட்டு எழுதினால் மொத்தம் 24, அதாவது 6. ஓர் எச் மட்டும் போட்டால் 19, அதாவது 1. எச் இல்லாமல் எழுதினால் 14, அதாவது 5. தமிழில் அவள் எப்போதும் சாந்திதான். கூப்பிடும் ஒலியில் மாற்றமே இல்லை. ஆங்கில எழுத்தாக்கத்தில் நமக்குள்ள இந்தத் தாராளம்தான் அந்தத் தொழிலுக்கு இடம் கொடுக்கிறது. எந்த எண் வேண்டும் என்றாலும் ஒரு எழுத்தைச் சேர்த்தோ எடுத்தோ வரவழைத்துவிடலாம். மாற்றிய பிறகு சிலருக்கு நன்றாக இருந்தது என்பார்கள். பொய் இல்லை. மனிதர்கள் இத்தகையவர்களிடம் போவது வாழ்க்கையின் மிக மோசமான மாதங்களில். அதற்கடுத்த மாதங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு மேலாகத்தான் இருக்கும். உங்கள் விஷயத்தில் முதல் துக்கத்தின் கூர்மை நாளடைவில் குறையும். எழுத்தை மாற்றியிருந்தால் அந்தப் புகழ் எழுத்துக்குப் போய்விடும். செலவையும் பாருங்கள். ஆதார், வங்கி, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஓர் எழுத்து வேறுபட்டால் அரசிதழில் அறிவிப்பு, உறுதிமொழிப் பத்திரம் என்று அலைய வேண்டும். அப்பாவின் பெயரில் இருக்கும் பணத்தையும் வீட்டையும் வாரிசாக மாற்றிக்கொள்ளும் வேலை உங்களுக்கு இனிமேல்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் பெயரில் கை வைக்காதீர்கள். குறைந்தது ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள்.

சோதித்துப் பார்க்க விரும்பினால் அண்ணாவுக்குச் சொன்னதைத்தான் சொல்வேன். முதலில் எது எட்டு என்று ஒரே ஒரு விதியை எழுதி வையுங்கள். கூட்டுத்தொகை என்றால் கூட்டுத்தொகை மட்டும். பிறகு ஒரு வாரம், கண்ணில் படும் எண்களைப் பொறுக்காமல், குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கையில் எழுதுங்கள். உதாரணமாக, காலையில் வாசலுக்கு வந்ததும் தெருவில் கடக்கும் முதல் பத்து வண்டிகள். வாரக் கடைசியில்தான் கூட்ட வேண்டும். எழுபது வண்டிகளில் எட்டாம் பெட்டியில் விழுபவை எட்டு இருக்கலாம், ஐந்து இருக்கலாம், பதினொன்றும் இருக்கலாம். அதற்குள் எது வந்தாலும் வழக்கமானதுதான். இந்தச் சோதனை எட்டாம் எண்ணின் மேல் உள்ள பயத்தைத் தளர்த்தலாம். அப்பாவின் நினைவை அது எதுவும் செய்யாது.

ஓர் எல்லையை மட்டும் கவனியுங்கள். எண்ணைப் பார்த்து மனம் திடுக்கிடுவது துக்கத்தில் இயல்பு. ஆனால் 8, 17, 26 தேதிகளில் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது, தூக்கம் வாரக்கணக்கில் வராதது, எண்கள் உங்களுக்கென்று கட்டளை அனுப்புவதாகத் தோன்றுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு நிற்காதீர்கள். நான் மருத்துவர் அல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அண்ணா இப்போதும் மே 8-ஐ ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் கார்த்திகை தீபத்தன்று வாசலில் ஒரு விளக்கு கூடுதலாக வைக்கிறார். அது தன் பிறந்தநாள் விளக்கு என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறார்.